கொட்டகைப் படத்தில் ஐந்து மாடு: எது கலப்பினம், எது நாட்டு மாடு?

முதல்மாடு

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக ஒரே படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், முடிவுக்கு வர முடியவில்லை. நாட்டு மாடு ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். ஒருவர் தன் கொட்டகையைப் படம் எடுத்து அனுப்பி, "ஐந்தும் நாட்டு மாடுதான், எது பிடிக்கிறதோ சொல்லுங்கள்" என்றார். அடுத்தவர் கொட்டகைப் படத்தைக் கேட்காமல் பொதுவில் போட மனம் வரவில்லை, அதனால் கண்ணில் படுவதை எழுதுகிறேன்.

வாசலில் நின்று, சற்று பின்பக்கமாகவும் பக்கவாட்டாகவும் எடுத்த படம். ஐந்து மாடும் வரிசையாகக் கட்டியிருக்கின்றன, எல்லாம் தொட்டிக்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டிருக்கின்றன. இடமிருந்து வலமாகச் சொல்கிறேன்.

முதல் மாடு கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய பெரிய திட்டுகள் கொண்டது, உயரமாக இருக்கிறது, முதுகு பலகை வைத்தது மாதிரி நேராகப் போகிறது. இரண்டாவது சின்ன உடம்பு, ஒரே நிறமாகச் செவலை, மூக்கைச் சுற்றி மட்டும் வெளிறிய வளையம். மூன்றாவது முழுக் கறுப்பு, நெற்றியில் ஒரு பொட்டு வெள்ளை, மடிப் பக்கம் கொஞ்சம் வெள்ளை, தோளுக்கு மேல் ஏதோ மேடு தெரிகிறது. நான்காவது செவலை உடம்பில் வெள்ளைத் திட்டும் தெளிப்புமாக இருக்கிறது, கொம்பு இருக்கிறது. ஐந்தாவது சாம்பல் கலந்த வெள்ளை, பக்கத்தில் செந்நிறக் கன்று ஒன்று நிற்கிறது.

என் கணக்கு: திட்டுத் திட்டாக இருப்பது சீமைக் கலப்பு, ஒரே நிறமாக இருப்பது நாடு. அப்படிப் பார்த்தால் ஒன்றும் நான்கும் கலப்பு, இரண்டும் மூன்றும் ஐந்தும் நாட்டு மாடு. ஆனால் ஐந்தாவதின் கன்று சிவப்பாக இருப்பது உறுத்துகிறது.

இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் உண்டு. போன தடவை நாட்டு மாடு என்று நம்பி ஒரு கிடாரி வாங்கினேன். முதல் கோடையிலேயே நண்பகலில் வாயைத் திறந்து நாக்கை நீட்டி மூச்சிரைக்க நின்றது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு இது கலப்பு மாடு, நிழலும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும் என்றார். மாட்டின் மேல் எந்தக் குறையும் இல்லை, அதை நன்றாகவே வளர்க்கிறேன். எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

திமில்பார்வை

இதற்கு இவ்வளவு யோசனை வேண்டாம் நண்பரே. நிறத்தை விடுங்கள், திமிலைப் பாருங்கள். திமில் இருந்தால் நாடு, இல்லையென்றால் கலப்பு, அவ்வளவுதான். மூன்றாவது மாட்டுக்கு மேடு தெரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது நாட்டு மாடு, காரி. யோசிக்காமல் கேளுங்கள்.

சுழிமுத்து

முன் நெற்றியில் சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தீர்களா? முதுகில் இருக்கும் சுழி திமிலுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது முக்கியம். எங்கள் தாத்தா சுழி பார்க்காமல் மாடு பிடித்ததே இல்லை. நான்காவது மாட்டின் சுழியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், சொல்கிறேன்.

முதல்மாடு

சுழிமுத்து ஐயா, சுழியும் பார்க்கிறேன், ஆனால் இப்போது என் கேள்வி இனம் பற்றியது. சுழி எல்லா மாட்டுக்கும் உண்டே, அதில் கலப்பா நாடா என்று தெரியாது அல்லவா?

ஊசிக்கை

22 வருடமாகச் சினை ஊசி போடுகிறேன், கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்குவதுதான் வேலை. நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால், உங்கள் கணக்கில் ஒன்றும் ஐந்தும்தான் சரி. நான்காவது நாட்டு மாடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்றாவது பெரும்பாலும் கலப்பு. இரண்டாவதைப் பற்றி ஒரு சந்தேகம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் திட்டு விஷயம். திட்டு என்றால் சீமை மாடு என்ற எண்ணம் எப்படியோ எல்லோர் மனதிலும் உட்கார்ந்துவிட்டது, பால் பாக்கெட்டில் இருக்கும் படம் காரணமாக இருக்கலாம். ஆனால் மாட்டின் திட்டுக்குத் தமிழில் மறை என்ற சொல், எச்.எஃப். என்கிற ஹோல்ஸ்டீன் சீமை மாடு வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறது. பர்கூர் மாட்டுக்காரரைக் கேளுங்கள், செம்மறை என்பார். செவலையில் வெள்ளை விழுந்த மாடு அது, அந்த மலை மாட்டின் அடையாளமே அந்த நிறம்தான். மராத்வாடாவில் தேவ்னி என்று ஒரு நாட்டு இனம் உண்டு, பீதர் பக்கமும் இருக்கும். வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டு. படத்தில் உடம்பை மட்டும் வெட்டிக் காட்டினால் எச்.எஃப். என்றே சொல்லிவிடுவோம். தலையைப் பார்த்தால்தான் புடைத்த நெற்றியும் தொங்கும் காதும் அது யாரென்று சொல்லும்.

இதற்கு நேர் எதிரான பக்கம் உங்கள் மூன்றாவது மாடு. நாட்டுப் பசுவுக்கு எச்.எஃப். ஊசி போட்டுப் பிறக்கும் முதல் தலைமுறைக் கன்று பெரும்பாலும் திட்டுத் திட்டாக வராது. கறுப்பு மேலேறி நிற்கும், திட்டு உள்ளே ஒளிந்துகொள்ளும். ஏறக்குறைய முழுக் கறுப்பாகப் பிறந்து, நெற்றியில் ஒரு பொட்டு, அடிவயிற்றில், மடியருகே, வால் குஞ்சத்தில் மட்டும் வெள்ளை காட்டும். நீங்கள் எழுதியது வரிக்கு வரி அதுதான். அதனால் திட்டு இல்லை, எனவே நாடு என்று போனால் பாதி ரத்தக் கலப்பு மாடு அத்தனையும் நாட்டுக் கணக்கில் விழுந்துவிடும்.

தொழுவத்தம்மா

ஊசிக்கை தம்பி சொல்வது என் வீட்டிலேயே நடந்தது. என்னிடம் ஒரு செவலை நாட்டுப் பசு இருந்தது, உடம்பில் பொட்டு வெள்ளை கிடையாது. அதற்கு எச்.எஃப். ஊசி போட்டோம். பிறந்தது கரிக்கட்டை மாதிரி கறுப்புக் கிடாரி, வயிற்றுக்கு அடியில் கைக்குட்டை அளவுக்கு வெள்ளை, வால் நுனி வெள்ளை. அம்மா செவலை, கன்று கறுப்பா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கறுப்பி வளர்ந்ததும் அதற்கும் எச்.எஃப். ஊசிதான் போட்டோம். அது ஈன்றதைப் பார்த்தால், விலா முழுக்க வெள்ளை, கழுத்தில் கறுப்பு, இடுப்பில் ஒரு கறுப்புத் தீவு. பாட்டி செவலை, அம்மா கறுப்பு, பேத்தி திட்டு. மூன்றையும் ஒரே தொழுவத்தில் கட்டி வைத்திருந்தேன், பார்த்தவர்கள் மூன்று ஊரில் வாங்கிய மாடு என்றுதான் நினைப்பார்கள்.

எனக்கும் ஒரு சந்தேகம். அந்தக் கறுப்பிக்குத் தோளுக்கு மேல் கொஞ்சம் மேடு இருந்தது. திமில் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

திமில்பார்வை

அப்படியானால் பாதி ரத்தத்தில் திமில் கொஞ்சம் தங்கும் என்கிறீர்களா? நான் பார்த்த ஜெர்சிக் கலப்பு எதிலும் இருந்ததில்லை.

ஊசிக்கை

அம்மா, உங்கள் தொழுவத்துக் கதையை விட நல்ல பாடம் எனக்குக் கிடைக்காது. பேத்தியில் திட்டு வெளியே வந்ததற்குக் காரணம் இரண்டு பக்கமிருந்தும் திட்டு வந்து சேர்ந்ததுதான்.

திமில்பார்வை, உங்கள் விதி பாதி சரி. நன்றாகத் திரண்ட திமில் இருந்தால் நாட்டு ரத்தம் தூக்கலாக இருக்கிறது என்று நம்பலாம். இல்லை என்றால் என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். காளைக்குத் திமில் எழும்பி நிற்கும், பசுவுக்கு அதே இனத்தில் சின்னதாகத்தான் இருக்கும். இளைத்த பசுவுக்கு இன்னும் குறையும். பாதிக் கலப்பில் பசுவுக்கு ஏறக்குறைய மறைந்துவிடும், ஆண் கன்றுக்கு லேசாக நிற்கும், சில பசுவுக்கும் கொஞ்சம் தங்கும். ஆக, சின்ன மேடு என்ற ஒன்றை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் சாயக் கூடாது.

அதைவிட முக்கியமாக, அந்தப் படத்தில் ஐந்து மாடும் தலை குனிந்து தின்கின்றன. குனிந்த மாட்டில் திமில் பார்ப்பதே தப்பு. மாடு தலையைத் தாழ்த்தும்போது கழுத்து இறங்குகிறது, தோள்பட்டை எலும்பின் மேல்முனை இரண்டும் முதுகுக்கு மேலே துருத்திக்கொண்டு வரும். பக்கத்திலிருந்து பார்த்தால் திமில் மாதிரியே இருக்கும், அதுவும் கறந்து இளைத்த எச்.எஃப். கலப்புக்குக் கேட்கவே வேண்டாம். எப்படிப் பிரிப்பது என்றால், முன்னாலிருந்தோ மேலிருந்தோ பார்க்க முடிந்தால், தோள்பட்டை என்றால் இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமும் தெரியும். திமில் என்றால் நடுவில் ஒரே உருண்டை, சதை. மாடு நடக்கும்போது திமில் லேசாக ஒரு பக்கம் சாயும், ஆடும். எலும்பு மேலும் கீழும் ஏறி இறங்கும்.

முதல்மாடு, மூன்றாவது மாட்டின் மேடு கூர்மையா, உருண்டையா?

முதல்மாடு

பெரிதாக்கிப் பார்த்தேன். கூர்மை என்றுதான் தோன்றுகிறது, விளிம்பு மாதிரி. ஆனால் கூரையின் நிழல் சரியாக அந்த இடத்தில் குறுக்கே விழுகிறது, அடித்துச் சொல்ல முடியவில்லை.

நிழற்பெட்டி

மாடு எனக்கு அவ்வளவாகத் தெரியாது, படம் எடுப்பது தெரியும். வாசலில் நின்று போனில் எடுத்தால், பக்கத்தில் நிற்கும் மாடு பூதாகரமாகவும் தள்ளி நிற்பது கன்று மாதிரியும் தெரியும். அகலக் கோண வில்லை அப்படித்தான் இழுக்கும். முதல் மாடு உயரம், இரண்டாவது சின்ன உடம்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அவை கேமராவிலிருந்து ஒரே தூரத்திலா நிற்கின்றன? இன்னொன்று, கூரை நீலத் தகடு அல்லது பச்சை வலை என்றால் சாம்பல் வெள்ளையான மயிலை நிறம் நீலமாகவும் செவலை கறுப்பாகவும் சாயும். கொட்டகைக்குள் எடுத்த படத்தில் நிறத்தை முழுசாக நம்பாதீர்கள். தொட்டியின் சிமெண்டு என்ன நிறத்தில் தெரிகிறது என்று பார்த்தால் எவ்வளவு சாயம் ஏறியிருக்கிறது என்று புரியும்.

முதல்மாடு

சரியாகப் பிடித்தீர்கள், முதல் மாடுதான் கேமராவுக்கு மிக அருகில் இருக்கிறது. தொட்டியும் லேசாக நீலம் அடிக்கிறது. அப்படியென்றால் உயரத்தை வைத்து நான் எதுவுமே சொல்ல முடியாதா?

ஊசிக்கை

உயரத்தை வைத்துச் சொல்ல வேண்டாம். ஜெர்சிக் கலப்பு சின்ன உடம்புதான், சாஹிவால் நல்ல பெரிய நாட்டு மாடு, ஆக உடம்பு அளவு இனத்தைச் சொல்லாது. ஆனால் உடம்பின் கோடு சொல்லும். கேமரா எவ்வளவு இழுத்தாலும் கோட்டின் சாய்வு அவ்வளவு மாறாது.

கழுத்திலிருந்து வால் வரை மேல்கோட்டை விரலால் வரைந்து பாருங்கள். சீமை ரத்தம் ஏறிய மாட்டில் அது ஏறக்குறைய நேராகப் போய் இடுப்பைத் தாண்டி வால் முளைக்கும் இடம் வரை மட்டமாக இருக்கும். நாட்டு மாட்டில் தோளுக்கு மேல் எழும்பி, முதுகில் சற்று இறங்கி, இடுப்பெலும்பைத் தாண்டியதும் வால் பக்கம் சரிந்துவிடும். அந்தச் சரிவைப் பின்பக்கமிருந்து எடுத்த படத்திலேயே பிடிக்கலாம், தலை குனிந்திருந்தாலும் அது மாறாது. உங்கள் படத்துக்கு அதுதான் தோது.

அடுத்தது அடிக்கோடு. நாட்டு மாட்டுக்குத் தோல் தளர்வு. தாடையிலிருந்து முன்னங்கால் நடுவரை அலைதாடி மடிப்பு மடிப்பாகத் தொங்கும். பல இனங்களில் தொப்புள் பக்கமும் ஒரு தோல் மடிப்பு இருக்கும், காங்கேயத்தில் இவை இரண்டுமே அடக்கமாகத்தான் இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கலப்பு மாட்டில் கழுத்து சுத்தமாக, தோல் ஒட்டியபடி இருக்கும், மார்பும் வயிறும் ஆழமாக இறங்கும், பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு தொடைக்கும் நடுவில் மடி அகலமாக உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. பலர் இதைப் பார்ப்பதில்லை, நான் முதலில் பார்ப்பதே இதைத்தான். வெள்ளை முடிக்குக் கீழே தோல் என்ன நிறம்? எச்.எஃப். திட்டில் வெள்ளை முடியின் அடியில் தோல் இளஞ்சிவப்பு. மூக்கில் திட்டு விழுந்தால் மூக்கே ரோஜா நிறமாகத் தெரியும், காம்பும் அப்படித்தான். காங்கேயம் மாதிரி மயிலை மாட்டில் முடி எவ்வளவு வெளுத்தாலும் அடித்தோல் கறுப்பு. மூக்கு, கண்ணிமை, குளம்பு, வால் குஞ்சம் எல்லாம் கறுத்திருக்கும். ஐந்தாவது மாட்டின் கண்ணோரத்தைப் பாருங்கள், மை தீட்டியது மாதிரி இருந்தால் கவலைப்பட வேண்டாம். செம்மறைக்கு இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது, அங்கே மூக்கும் காம்பும் வெளிறியே வரலாம், அதனால் நான்காவதை மேல்கோட்டையும் கொம்பையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல்மாடு

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதல் மாடு: மேல்கோடு மட்டம், வால் பக்கம் சரிவு இல்லை. மடியின் ஓரம் இளஞ்சிவப்பு, நன்றாகத் தெரிகிறது. திட்டின் ஓரமும் கத்திரிக்கோலால் வெட்டியது மாதிரி சுத்தமாக இருக்கிறது.

மூன்றாவது: இடுப்புக்குப் பின்னால் லேசான சரிவு. வால் குஞ்சம் வெள்ளை. மடி பெரிது.

நான்காவது: இடுப்பிலிருந்து நன்றாகச் சரிகிறது. கொம்பு அடியில் ஒன்றோடு ஒன்று நெருங்கி, பின்னால் போய் மேலே திரும்புகிறது, நுனி கூர். வெள்ளைத் திட்டு முதல் மாட்டின் திட்டு மாதிரி சுத்தமாக இல்லை, ஓரத்தில் செவலை முடியும் வெள்ளை முடியும் கலந்து சிதறியிருக்கிறது. நான் இதைக் கலப்பு என்று ஒதுக்கி வைத்திருந்தேன்!

ஐந்தாவது: கண்ணோரம் கறுப்பு, குளம்பு கறுப்பு, குஞ்சம் கறுப்பு.

இரண்டாவதுதான் குழப்பம். மேல்கோடு கிட்டத்தட்ட மட்டம், கொம்பு இல்லை, சுட்டிருக்கிறார்கள் போல. மூக்கு வளையம் வெளிறியிருக்கிறது. ஆனால் ஒரு திட்டும் இல்லாத நல்ல செவலை.

செஞ்சிந்து

இரண்டாவதை நான் சிவப்புச் சிந்து என்ற நாட்டு இனம் என்றுதான் சொல்வேன். சின்ன உடம்பு, ஒரே செவலை, பால் மாடு. என்னிடம் இரண்டு இருக்கின்றன, அச்சு இதேதான். சிந்துக்கும் மூக்கைச் சுற்றி வெளிறல் வரும். கொம்பு சுட்டதை வைத்துச் சொல்ல முடியாது, இப்போது எல்லோரும்தான் சுடுகிறார்கள்.

ஊசிக்கை

நான் சந்தேகம் என்று சொன்னது இதைத்தான். செவலை ஜெர்சிக் கலப்பையும் சிந்துவையும் பின்பக்கப் படத்தில் பிரிப்பது கஷ்டம், இரண்டும் ஒரே உயரம், ஒரே நிறம். வளையத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று செஞ்சிந்து சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், நாட்டு மாடு பலவற்றுக்கும் அது உண்டு.

முகத்தைப் பார்க்க வேண்டும். ஜெர்சி ரத்தம் இருந்தால் பக்கவாட்டில் முகம் இரண்டு கண்ணுக்கும் நடுவில் குழிந்து, தட்டு மாதிரி உள்வாங்கி இருக்கும், கண் வெளியே பிதுங்கித் தெரியும். சிந்துவுக்கு நெற்றி குழியாது, காது சற்றே தொங்கும், அலைதாடி நன்றாக இருக்கும். மேல்கோடு மட்டம் என்று எழுதியதால் நான் ஜெர்சிக் கலப்புப் பக்கம் சாய்கிறேன், பந்தயம் கட்டும் அளவுக்கு இல்லை.

செஞ்சிந்து

பின்பக்கப் படத்தில் அலைதாடி தெரியாதபோது கலப்பு என்று சாய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிந்துவுக்கும் பால் கறவை நேரத்தில் பின்தட்டு அவ்வளவு சரியாது.

முதல்மாடு

சரி, அவரிடமே கேட்டுவிடுகிறேன். என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள், ஒரே தடவையில் கேட்டுக்கொள்கிறேன்.

ஊசிக்கை

மாட்டை அவிழ்த்து வெளியே வெயிலில் நிறுத்தச் சொல்லுங்கள். தலை நிமிர்ந்திருக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும். போனை மாட்டின் விலா உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்து, பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, பக்கவாட்டில் முழு உடம்பும் விழும்படி ஒரு படம். முகம் பக்கவாட்டில் ஒன்று. நேர் பின்னாலிருந்து ஒன்று. அப்புறம் பத்து அடி நடக்க வைத்து ஒரு காணொளி. ஐந்துக்கும் வேண்டாம், இரண்டு, மூன்று, நான்கு மட்டும் போதும். ஐந்தாவதுக்குக் கன்றோடு சேர்த்து ஒன்று.

காதில் இருக்கும் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணையும் கேளுங்கள். வில்லை இருப்பதால் நாடா கலப்பா என்று தெரியாது, எல்லா மாட்டுக்கும்தான் போடுகிறார்கள். ஆனால் ஊசி போட்டதைப் பதிந்திருந்தால் அந்த எண்ணை வைத்துக் கால்நடை மருந்தகத்தில் விசாரிக்க வழி உண்டு.

தொழுவத்தம்மா

ஐந்தாவதின் கன்று சிவப்பாக இருக்கிறதே என்று தம்பி ஆரம்பத்தில் கேட்டார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

ஊசிக்கை

நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள் அம்மா. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாகத்தான் இருக்கும், சுமார் 4 மாதத்தில் வெளுத்துச் சாம்பலாகும். உம்பளாச்சேரியும் அப்படித்தான், அதற்கு 6 மாதம் வரை ஆகும், நெற்றியிலும் காலிலும் வால் நுனியிலும் வெள்ளை அடையாளம் இருக்கும். மயிலைப் பசுவோடு செந்நிறக் கன்றைப் பார்த்ததும் கலப்பு என்று ஒதுக்கி, நல்ல கன்றை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மயிலைப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டாலும் செந்நிறக் கன்று பிறக்கும். அம்மா நாட்டு மாடு என்பது கன்றும் நாடு என்பதற்குச் சான்று ஆகாது. கன்று எத்தனை மாதம் என்று கேளுங்கள், காளைக்கு விட்டார்களா, ஊசி என்றால் எந்த ஊசி என்று கேளுங்கள்.

முதல்மாடு

தாமதத்துக்கு மன்னிக்கவும், நேற்றுதான் படங்கள் வந்தன. அவர் முகம் சுளிக்காமல் எடுத்து அனுப்பினார், அவருக்கு நன்றி.

மூன்றாவது மாடு தலையை நிமிர்த்தியதும் அந்த மேடு காணாமலே போய்விட்டது. நடக்கும்போது இரண்டு எலும்பும் மாறி மாறி ஏறி இறங்குவது தெளிவாகத் தெரிகிறது. கழுத்தில் தோல் மடிப்பு கொஞ்சமாக இருக்கிறது. போனில் மெதுவாகப் பேசியபோது அவரே சொன்னார், தாய் அவர் வீட்டு நாட்டுப் பசு, ஊசி போட்டுப் பிறந்தது இது. "எங்கள் வீட்டிலேயே பிறந்தது, அதனால் நாட்டு மாடு என்றேன்" என்றார். ஏமாற்ற நினைத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான்காவதைப் பக்கவாட்டில் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. சின்னத் திமில், ஆனால் உருண்டை, நடக்கும்போது லேசாகச் சாய்கிறது. அலைதாடி இருக்கிறது. கொம்பு நான் எழுதியபடியே.

இரண்டாவதின் முகத்தை வைத்து இன்னும் எனக்குப் புரியவில்லை. குழி இருக்கிறது, ஆழமாக இல்லை. காது தொங்கவில்லை, பக்கவாட்டில் நிற்கிறது. அலைதாடி நடுத்தரம். திமில் இருக்கும் இடத்தில் ஒரு கை அளவுக்கு மெத்தென்று தெரிகிறது. வேறு ஒருவரிடமிருந்து வாங்கியது, தாய் எது என்று அவருக்கே தெரியாதாம்.

செஞ்சிந்து

காது பக்கவாட்டில் நிற்கிறது என்றால் சுத்தமான சிந்து இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிந்து ரத்தம் இருக்கிறது. சிந்துப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டது என்றால் நீங்கள் சொன்ன எல்லாமே பொருந்தும்.

ஊசிக்கை

அப்படியும் இருக்கலாம், ஜெர்சிக் கலப்புக்கு மறுபடி நாட்டுக் காளையை விட்டுப் பிறந்ததாகவும் இருக்கலாம். கலப்பு என்பது மட்டும் நிச்சயம். எத்தனை பங்கு என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, நேரில் பார்த்தாலும் நான் சொல்ல மாட்டேன். பாதி ரத்தமும் முக்கால் ரத்தமும் ஒரே மாதிரி இருந்த மாடுகளை என் கையாலேயே ஊசி போட்டு வளர்த்துப் பார்த்திருக்கிறேன்.

திமில்பார்வை

மூன்றாவது மாடு விஷயத்தில் நான் சொன்னது தப்பு. யோசிக்காமல் கேளுங்கள் என்று வேறு எழுதிவிட்டேன், மன்னியுங்கள். நேற்று மாலை எங்கள் மாடுகள் தொட்டியில் தின்னும்போது நின்று பார்த்தேன், ஜெர்சிக் கலப்புக்கும் குனிந்தால் மேடு வருகிறது. இத்தனை நாள் கவனித்ததில்லை.

முதல்மாடு

மன்னிப்பெல்லாம் எதற்கு, நானும் அதையேதான் நினைத்தேன். நான்காவது மாட்டைக் கேட்டுவிட்டேன், வரும் வாரம் நேரில் போய்ப் பார்க்கிறேன்.

ஐந்தாவதின் கன்றுக்கு இரண்டரை மாதம் ஆகிறதாம். கோயில் காளைக்கு விட்டது என்கிறார், ஆனால் அதே பருவத்தில் ஒரு ஊசியும் போட்டிருக்கிறார்கள், எதில் சினை பிடித்தது என்று தெரியவில்லை. கன்றின் தொப்புள் பக்கம் தோல் மடிப்பு லேசாகத் தெரிகிறது, காது சின்னதாக, கூராக நிற்கிறது. இன்னும் இரண்டு மாதம் கழித்து ஒரு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், முடி வெளுக்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.

சுழிமுத்து

நான்காவது மாட்டை நேரில் பார்க்கும்போது முதுகுச் சுழியையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள் தம்பி.